சம்மன் போட்டோ கைக்கு வந்ததும் எந்தத் தேதியை முதலில் பார்ப்பது?

ஊரிலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் ஆறு போட்டோ அனுப்புகிறார். "கோர்ட்ல இருந்து வந்துச்சுப்பா, என்னன்னு பாரு." வேலை செய்யும் இடத்தில் இருந்தபடியே மகன் முதல் போட்டோவைத் திறக்கிறான், பெரிதாக்குகிறான், முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறான். வாதியின் பெயர், அவருடைய அப்பா பெயர், கதவு எண். மூன்றாவது பக்கத்தில் "பிரதிவாதி வேண்டுமென்றே ஏமாற்றும் எண்ணத்துடன்" என்று ஒரு வரி வருகிறது. அங்கேயே ரத்தம் கொதித்து, அண்ணனுக்குப் போன் போட்டு, அன்றைய பொழுது சண்டையிலேயே போய்விடுகிறது. என்றைக்கு ஆஜராக வேண்டும் என்பதை அவன் கவனிக்கவே இல்லை.

வக்கீல் குமாஸ்தாவாக இருந்து இதைப் பல தடவை பார்த்துவிட்டேன். ஆகவே சம்மனை எந்த வரிசையில் படிப்பது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். இந்தியாவில் சிவில் வழக்குகளில் வரும் சம்மன்தான் என் உதாரணம். மற்ற அறிவிப்புகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் போட்டோ முழுமையா என்று பாருங்கள்

எழுத்தைப் படிப்பதற்கு முன், ஒவ்வொரு படத்திலும் தாளின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். சம்மனில் முக்கியமான விஷயங்கள் ஓரங்களில்தான் இருக்கும். வழக்கு எண் மேலே, கோர்ட் முத்திரையும் கையெழுத்திட்ட தேதியும் கீழே. போட்டோ எடுப்பவர்கள் நடுவில் இருக்கும் எழுத்தைத்தான் குறி வைப்பார்கள், ஓரம் வெட்டுப்பட்டுவிடும்.

அடுத்தது பின்பக்கம். "பின்னாடி ஒண்ணும் இல்லப்பா" என்பார்கள். இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். யாரிடம், எந்த நாளில் கொடுத்தார் என்று கோர்ட் அமீனா எழுதிய குறிப்பு சில நேரம் பின்பக்கத்தில் இருக்கும். தபாலில் வந்திருந்தால் உறையின் இரண்டு பக்கமும் வேண்டும், அஞ்சல் முத்திரைக்காக. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்றால் குப்பையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும். கையால் எழுதிய 3 எது, 8 எது என்று அதில் தெரியாது. டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். அதற்கு வழி தெரியாதவர் என்றால், தேதி இருக்கும் இடத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில், கிட்டத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

மூன்று வரி மட்டும் எழுதுங்கள்

ஒரு துண்டுத்தாளை எடுத்து அதில் "என்றைக்கு", "என்ன செய்ய வேண்டும்", "எங்கே" என்று மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் நிரம்பும் வரை வேறு எதையும் படிக்க வேண்டாம். வாதி கொடுத்த மனுவான பிராதில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது நிச்சயமாகப் படிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், ஒரு சம்மன் கட்டில் ஏகப்பட்ட தேதிகள் இருக்கும். வழக்கு எண்ணோடு ஒரு வருடம், பிராது தாக்கலான தேதி, கடன் பத்திரம் எழுதிய தேதி, வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய தேதி, நீதிமன்றம் கையெழுத்திட்ட தேதி. இவை எல்லாமே நடந்து முடிந்தவை. உங்களைக் கட்டுப்படுத்தும் தேதி இனி வரப்போவது. அது சம்மன் தாளின் நடுப்பகுதியில், "நீர்" அல்லது "தாங்கள்" என்று உங்களைக் கூப்பிட்டுப் பேசும் வாக்கியத்துக்குள் இருக்கும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே இதற்கு மாதிரிப் படிவம் உண்டு. இன்ன தேதி, இன்ன மணிக்கு, நேரிலோ விவரம் தெரிந்த வழக்கறிஞர் மூலமோ ஆஜராக வேண்டும். பிராதுக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை, அதாவது எதிருரையை, தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் ஆதாரமாக நம்பும் ஆவணங்களைக் கொண்டுவர வேண்டும். தவறினால் நீங்கள் இல்லாமலே வழக்கு விசாரித்துத் தீர்மானிக்கப்படும் என்று அது போகும். எந்த மொழியில் அச்சடித்திருந்தாலும் இந்தச் சாரம்தான் இருக்கும். அந்தக் கடைசிப் பகுதியை, அதாவது வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கு முந்தைய ஓரிரு வரிகளில் உங்கள் தேதி இருக்கிறது என்று அர்த்தம். நான் எப்போதும் அந்த எச்சரிக்கையைத் தேடிப்பிடித்து அங்கிருந்து மேலே போவேன். மேலேயிருந்து கீழே வருவதைவிட இது வேகம்.

"என்ன செய்ய வேண்டும்" என்பதற்கு வினைச்சொல்லைப் பாருங்கள். "ஆஜராக", "தாக்கல் செய்ய", "ஆவணங்களை முன்னிலைப்படுத்த", "காரணம் காட்ட" ஆகிய நான்கும் வெவ்வேறு வேலைகள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று வினைகள் இருந்தால் அத்தனையும் உங்கள் வேலை. கூடவே, உங்களை யாராக அழைக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரதிவாதி என்றால் வழக்கே உங்கள்மீது. சாட்சி என்றால் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டிய வேலை. பல வீடுகளில் சாட்சி சம்மனைப் பார்த்தே அழுது முடித்திருப்பார்கள்.

தாளில் அச்சடிக்கப்படாத தேதி

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமானது. பிரதிவாதிக்கு ஒரு கடிகாரம் இல்லை, இரண்டு கடிகாரம் ஓடுகின்றன.

முதலாவது, ஆஜராக வேண்டிய நாள், அதாவது வாய்தா. அது தாளில் இருக்கிறது. இரண்டாவது, எதிருரை தாக்கல் செய்யும் கெடு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5ஆம் கட்டளை, சம்மன் சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யச் சொல்கிறது. காரணத்தைப் பதிவு செய்து அந்த நாளிலிருந்து 90 நாள் வரை நீதிமன்றம் அனுமதிக்கலாம். சாதாரண வழக்குகளில் அதற்குப் பிறகும் நீதிமன்றம் மனது வைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. வணிகத் தகராறு வழக்குகளில் அப்படி இல்லை. 120 நாள் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும்.

சார்பு செய்தல் என்றால் சம்மனை உரிய முறையில் கொண்டுபோய்ச் சேர்த்தல். 30 நாள் அன்றிலிருந்துதான் எண்ணப்படுகிறது. ஆனால் அந்த நாள் அச்சடித்த பகுதியில் இருக்காது. சம்மன் அடித்த அன்று, அது என்றைக்குக் கைக்குக் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அமீனா எழுதிய குறிப்பிலோ, வாங்கியவர் கையெழுத்துப் போட்ட இடத்திலோ, தபால் முத்திரையிலோ, வாங்கியவரின் ஞாபகத்திலோதான் அது இருக்கும். அதனால்தான் உறையைக் குப்பையிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

இதில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கும். நீதிமன்றம் கையெழுத்திட்ட தேதியிலிருந்து எண்ணுவது ஒன்று; இதில் ஆபத்து இல்லை, வீண் பதற்றம்தான். போட்டோ தன் போனுக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவது இன்னொன்று; இது ஆபத்து. "நான்தானே பிரதிவாதி, எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தானே" என்ற வாதம் எடுபடுவது கடினம். பிரதிவாதி வீட்டில் இல்லை, நியாயமான நேரத்துக்குள் வருவார் என்றும் தெரியவில்லை, அவர் சார்பில் வாங்கிக்கொள்ளும் அதிகாரம் பெற்றவரும் இல்லை என்றால், கூடக் குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆணாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி. வேலைக்காரரிடம் கொடுத்தால்தான் செல்லாது. ஆக, அம்மா போட்ட கையெழுத்து உங்கள் கையெழுத்து மாதிரிதான் என்று வைத்துக்கொண்டு எண்ணுவது பத்திரம். மூன்றாவது பிழை, வாய்தா 45 நாள் தள்ளி இருந்தால் எதிருரையையும் அன்றைக்குக் கொடுத்தால் போதும் என்று நினைப்பது. 30 நாள் கெடு வாய்தாவுக்காகக் காத்திருக்காது.

ஒரு கட்டைப் பிரித்துப் பார்ப்போம்

நான் உருவாக்கிய உதாரணம்தான். ஆனால் இப்படி வராத வாரமே இல்லை. புரோநோட்டுக் கடன் வழக்கு. ஆறு போட்டோ. 2025 ஜூன் 20ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மகனுக்கு வந்தது.

முதல் படத்தில் சம்மன். கீழே நீதிமன்றம் கையெழுத்திட்ட தேதி 4.6.2025. நடுவில் "காலை 10.30 மணிக்கு" என்பது தெளிவாக இருக்கிறது. ஆனால் தேதியின்மேல் முத்திரை விழுந்து, 3.7.2025 என்றும் படிக்கலாம், 8.7.2025 என்றும் படிக்கலாம். கிழமையை வைத்து ஒன்றைக் கழிக்க முடியுமா? ஞாயிறாக இருந்தால் கழித்துவிடலாம். ஜூலை 3 வியாழன், 8 செவ்வாய். இரண்டும் வேலை நாள். இப்படி வரும்போது முந்திய தேதியையே துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, பிறகு சரிபார்க்க வேண்டும்.

சரிபார்க்க services.ecourts.gov.in தளம் இருக்கிறது, eCourts Services என்ற செயலியும் இருக்கிறது. தாளில் CNR என்று 16 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு இருந்தால் அதை அப்படியே போடலாம். இல்லையென்றால் Case Status பகுதியில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், வழக்கின் வகை, எண், வருடம் கொடுத்துத் தேட வேண்டும். மகன் தேடியதில் அடுத்த வாய்தா ஜூலை 8 என்று வந்தது. சரி, முதல் கடிகாரம் தெரிந்துவிட்டது. தளத்தில் வழக்கே வரவில்லை என்றால், "வழக்கே இல்லை போல" என்று விட்டுவிடக் கூடாது. எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம், வேறு வளாகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். நீதிமன்ற அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

பின்பக்கம் போட்டோவில் இல்லை. மகன் போன் செய்தான்.

"அம்மா, பேப்பரைக் கொடுத்தவர் என்னைக்கு வந்தார்?"

"முந்தாநாள்... இல்லப்பா, கரண்ட் போச்சே, அன்னைக்கு. திங்கக்கிழமை. கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு."

திங்கள் என்றால் ஜூன் 16. பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னதில் அமீனாவின் குறிப்பிலும் 16.6.2025 என்றே இருந்தது. இப்போது எண்ணலாம். கொடுத்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜூன் 17 முதல் நாள். ஜூன் முடிய 14 நாள், ஜூலையில் 16 நாள். ஆக 30ஆவது நாள் ஜூலை 16, புதன்.

போட்டோ வந்த 20ஆம் தேதியிலிருந்து எண்ணியிருந்தால் ஜூலை 20 வந்திருக்கும். அது ஞாயிறு. கெடுவின் கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம் என்பது உண்மைதான். அதையும் சேர்த்து, "திங்கட்கிழமை 21ஆம் தேதி வரை இருக்கிறது" என்று நிம்மதியாக இருந்திருப்பான். உண்மையான கெடு முடிந்து ஐந்து நாள் ஆகியிருக்கும்.

இதோடு முடியவில்லை. புரோநோட்டு வழக்கு என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சம்மனில் எங்காவது 37ஆம் கட்டளை அல்லது சுருக்க விசாரணை வழக்கு என்று இருக்கிறதா? இருந்தால் கணக்கே வேறு. சம்மன் சார்பான 10 நாட்களுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிராதில் உள்ளதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டில் அப்படி இல்லை. இருந்திருந்தால் ஜூன் 26க்குள் ஓட வேண்டியிருந்திருக்கும்.

இரண்டு முதல் ஐந்து வரை உள்ள படங்கள் பிராது நகல். சம்மனோடு பிராது நகல் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள், ஆனால் அதைச் சாக்காக வைத்து வாய்தாவை விட்டுவிடாதீர்கள்.

ஆறாவது படத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது தனித் தாள், தனி எண். ஐ.ஏ. என்று தொடங்கும் இடைமனு. மகன் வீட்டை விற்றுவிடப் போகிறான் என்று வாதி சொல்லி, தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்யக் கேட்கிறார். அதில் பிணை கொடு அல்லது ஏன் கொடுக்கக் கூடாது என்று காரணம் காட்டு என உத்தரவு, தேதி 30.6.2025. பிரதான வழக்கின் வாய்தாவைவிட எட்டு நாள் முந்தியது! முதல் தாளில் ஜூலை 8ஐக் கண்டுபிடித்த திருப்தியோடு போனை மூடியிருந்தால் இது தப்பியிருக்கும். அதனால் மூன்று வரிகளை ஒரு கட்டுக்கு ஒரு தடவை எழுதினால் போதாது. எண் மாறும் ஒவ்வொரு தாளுக்கும் தனியாக எழுத வேண்டும்.

கடைசியில் துண்டுத்தாள் இப்படி ஆனது:

ஜூன் 30: இடைமனு. ஆஜராகிப் பிணை அல்லது காரணம். அதே நீதிமன்றம்.
ஜூலை 8, காலை 10.30: பிரதான வழக்கு. ஆஜர், வக்காலத்து.
ஜூலை 16: எதிருரை, ஆவணங்கள்.

தேதிக்குக் காத்திருக்காத உத்தரவு

இடைமனுவில் சில நேரம் தேதியோடு ஒரு தடையும் இருக்கும். இன்ன சொத்தை விற்கக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது என்று இடைக்காலத் தடையுத்தரவு. அதிலும் ஒரு வாய்தா குறிப்பிட்டிருப்பார்கள். ஆனால் அந்த வாய்தா வரை சும்மா இருக்கலாம் என்று பொருள் இல்லை; தெரிந்த கணத்திலிருந்து தடைக்குக் கட்டுப்பட வேண்டும். மறுநாள் காலை கொத்தனார் வருவதாக இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்ல வேண்டும். துண்டுத்தாளில் "என்றைக்கு" என்ற இடத்தில் "இப்போதே" என்று எழுதுங்கள்.

மற்ற அறிவிப்புகளுக்கு இதே முறை

அரசு அலுவலக அறிவிப்புகளில் பெரும்பாலும் நாள் இருக்காது, நாட்கள்தான் இருக்கும்: "இவ்வறிவிப்பு கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள்". இதில் எண்ணைவிட "கிடைக்கப்பெற்ற" என்ற சொல்தான் முக்கியம். சில அறிவிப்புகளில் அது "இவ்வறிவிப்பின் தேதியிலிருந்து" என்று இருக்கும். அப்போது தபாலில் போன நாட்கள் உங்கள் கணக்கிலிருந்து ஏற்கெனவே கழிந்துவிட்டன.

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்றத்திலிருந்து வருவது இல்லை. அதில் போடும் ஏழு நாள், பத்து நாள் கெடுவைப் பெரும்பாலும் அந்த வக்கீலே வைத்திருப்பார். செக் திரும்பிய நோட்டீஸ் மட்டும் விதிவிலக்கு. அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கொடுக்காவிட்டால் செக் கொடுத்தவர்மீது குற்ற வழக்குத் தொடரலாம் என்பது சட்டம் வைத்த கெடு.

வாட்ஸ்அப்பில் நேரடியாகத் தெரியாத எண்ணிலிருந்து "சம்மன்" வந்து, உடனே இந்தக் கணக்கில் பணம் போடு, வீடியோ காலில் இரு என்று மிரட்டினால், அது மோசடி. வழக்கு எண்ணை வைத்து மேலே சொன்ன தளத்திலோ நீதிமன்ற அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியில் இருக்கும் போன் எண்ணில் கேட்காதீர்கள்.

வாய்தா ஏற்கெனவே போய்விட்டால்

போட்டோவே தாமதமாக வந்து, தேதி கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் Case Status பாருங்கள். ஒருதலைப்பட்சமாக்கி, அதாவது எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அடுத்த வாய்தா போட்டிருந்தால், அந்த வாய்தாவுக்குள் போய்த் தகுந்த காரணம் சொல்லி மீண்டும் வழக்கில் சேர்ந்துகொள்ள வழி உண்டு. தீர்ப்பே ஆகிவிட்டதென்றால் அதை ரத்து செய்ய மனுப் போடலாம். தீர்ப்பாணைத் தேதியிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் முறையாகச் சார்பாகாமல் இருந்தால், தீர்ப்பு பற்றித் தெரியவந்த நாளிலிருந்து எண்ணப்படும். அதனால் அம்மாவின் போட்டோ உங்கள் போனுக்கு எப்போது வந்தது என்பது இங்கே உதவக்கூடும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. போகும்போது போட்டோவை மட்டும் காட்டாமல் அந்தத் துண்டுத்தாளையும் எடுத்துப் போங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் முதலில் கேட்கப்போவது, "சம்மன் எப்போ கையில் வந்தது?" என்றுதான்.